ஆறு பெட்டி சேலையும் ஒரு புகார்க் கடிதமும்



போன வாரம் என்னிடம் படித்த பையன் ஒருவன் துபாயிலிருந்து போன் பண்ணினான். ஊருக்கு அனுப்பிய இரண்டு பெட்டி மூன்று மாதமாக வந்து சேரவில்லையாம். "சார், ஒரு புகார் எழுதணும், நீங்க எழுதிக் கொடுத்தா நல்லா இருக்கும்" என்றான். நான் கணக்கு வாத்தியார், வக்கீல் இல்லை. ஆனாலும் 2023-ல் ஒரு பிள்ளைக்காக இந்த வேலையில் இறங்கி மாதக்கணக்கில் அலைந்தவன். அப்போது தெரிந்துகொண்டதை எழுதி வைத்தால் நாலு பேருக்கு ஆகும் என்று தோன்றியது. அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள், எழுதவில்லை. சரக்கைத் தொலைத்த ஏஜென்சியின் பெயரையும் எழுதப் போவதில்லை. கொடுக்க வேண்டியதில் பெரும்பகுதியைக் கடைசியில் கொடுத்துவிட்டார்கள்.

திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. அவள் பத்தாம் வகுப்பு படித்த வருடம் கண்மாயில் தண்ணீர் இல்லை, மானாவாரி போட்டவர்கள் எல்லாம் போட்டதை விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் சிவகாசிக்கும் போனார்கள். இவளை அருப்புக்கோட்டையில் தறிக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். கைக்கெட்டின வரை படித்த பிள்ளை, சும்மா இருக்கவில்லை. அக்கம்பக்கத்துத் தறிகளில் பருத்திச் சேலை வாங்கி, போட்டோ பிடித்து வாட்ஸ்ஆப்பில் போட்டு விற்க ஆரம்பித்தாள். பிறகு ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணும் எடுத்தாள். மலேசியாவில் கிள்ளானில் ஒரு கடைக்காரர், நம் பக்கத்திலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் போன குடும்பம், தீபாவளிக்கு 270 சேலை கேட்டார். அதுதான் அவளுடைய முதல் பெரிய ஆர்டர்.

2023 ஆகஸ்ட் 21-ம் தேதி வீட்டு வாசலில் வண்டி வந்து ஆறு அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனது. பெட்டி ஒன்றுக்கு 45 சேலை, 25 கிலோ எடை. தூத்துக்குடியில் கொண்டுபோய் ஒரு மரப் பேலட்டில் ஆறையும் அடுக்கிக் கட்டி, மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து ஒரே கன்டெய்னரில் ஏற்றுவார்கள். நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு முழு கன்டெய்னர் கிடையாது, பஸ்ஸில் ஒரு சீட் மாதிரி கொஞ்சம் இடம்தான். வாசலிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை எல்லாம் சேர்த்து ஏஜென்சிக்காரர் வாங்கியது 18,400 ரூபாய். செப்டம்பர் 15-க்குள் சேர்ந்துவிடும் என்று இமெயிலில் எழுதியும் கொடுத்திருந்தார்.

செப்டம்பர் போனது, அக்டோபர் போனது. நவம்பர் 12 தீபாவளியும் போனது. கிள்ளான் கடைக்காரர் ஆர்டரை ரத்து பண்ணிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, தீபாவளிக்கு அப்புறம் அந்தச் சேலை எதற்கு?

டிசம்பரில் புருஷனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுக்கு வந்தார்கள். "சார், இவங்க ஏமாத்துறாங்க. கேட்டா இந்த வாரம் வரும், அடுத்த வாரம் வரும்னே சொல்றாங்க" என்று போனை நீட்டினாள். நான் பார்த்தேன். 140 செய்திக்கு மேல் இருந்தது. கெஞ்சல், திட்டு, அழுகை, குரல்பதிவு, சாபம் எல்லாம் இருந்தது. ஒரே ஒரு செய்தியில்கூட "எனக்கு இவ்வளவு ரூபாய் தர வேண்டும்" என்று இல்லை.

"தாயி, உன் சரக்கு தொலைஞ்சு போச்சுன்னு நீ இன்னும் இவங்ககிட்ட சொல்லவே இல்லையே" என்றேன். அவள் விழித்தாள். நான் கேலி பண்ணவில்லை. சரக்கு தாமதமாவது வேறு, தொலைவது வேறு. "எப்போ வரும்" என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்கிற வரை அவர்கள் அதைத் தாமதக் கணக்கில்தான் வைத்திருப்பார்கள். 1993-ம் வருடத்து பலவகைப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. லாரி, கப்பல் என்று ஒன்றுக்கு மேற்பட்ட வாகனத்தில், ஒரே ஒப்பந்தத்தில், இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் சரக்குக்கான சட்டம் அது. சொன்ன தேதிக்கு மேல் தொடர்ந்து 90 நாள் ஆகியும் சரக்கு வரவில்லை என்றால், அதைத் தொலைந்ததாகவே வைத்துக்கொள்ள உரியவருக்கு உரிமை உண்டு என்கிறது. செப்டம்பர் 15-லிருந்து 90 நாள் எண்ணினால் டிசம்பர் 14. அவர்கள் வந்தது அதற்கு மூன்று நாள் கழித்து.

அதே சட்டத்தில் இன்னொரு கெடுவும் இருக்கிறது. ஒன்பது மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தப்பினால் போச்சு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டேன், பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதெல்லாம் அந்தக் கெடுவை நிறுத்தி வைக்காது. 90 நாள் முடிந்த தேதியிலிருந்து எண்ணவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனாலும் பத்திரமாக இருக்கட்டும் என்று வந்து சேர வேண்டிய தேதியிலிருந்தே எண்ணச் சொன்னேன். காலண்டரில் 2024 ஜூன் 15-ஐச் சுற்றி வட்டம் போட்டோம். "அடுத்த வாரம் வரும்" என்று ஒன்பது மாதத்தை ஓட்டிவிட்டால் யாருக்கு லாபம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

மறுநாள் எல்லாக் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லித் தரையில் பரப்பினோம். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்தில் போட்ட ஷிப்பிங் பில், பணம் கட்டிய ரசீது, பிறகு பி.எல். என்கிற பில் ஆஃப் லேடிங். பி.எல். அசல் மூன்று பிரதியும் அவள் பீரோவிலேயே இருந்தது. கடைக்காரர் பணம் போட்டதும் அனுப்புவதாக ஏற்பாடு. இது நல்லதாகப் போயிற்று. அசல் பி.எல். யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சரக்கைக் கேட்கிறவர், தொலைந்தால் ஈடு கேட்கிறவரும் அவர்தான். அதை அவள் முன்கூட்டியே கிள்ளானுக்கு அனுப்பியிருந்தால், கேட்க வேண்டியது நீயா நானா என்பதிலேயே ஆறு மாதம் போயிருக்கும்.

ஏஜென்சிக்காரர் போனில் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். "நாங்க ஏஜென்ட் மட்டும்தாம்மா, கப்பல் கம்பெனிகிட்டதான் கேக்கணும்." இது பாதிப் பொய். ஃப்ரெயிட் ஃபார்வர்டர்களில் இரண்டு வகை வேலை உண்டு. சிலர் உண்மையிலேயே இடம் பிடித்துக் கொடுக்கும் தரகர்கள். சிலர் தாங்களே கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு, தங்கள் பெயரிலேயே பி.எல். போட்டுக் கொடுக்கிறவர்கள். கப்பல் அவர்களுடையது இல்லை என்றாலும் நம்மைப் பொறுத்தவரை கொண்டுபோகிறவர் அவர்தான். எந்த வகை என்று தெரிய பி.எல்.லின் அடியில் கையெழுத்துப் போட்ட இடத்தைப் பார்க்க வேண்டும். "இன்ன கம்பெனியின் ஏஜென்டாக" என்று போட்டிருந்தால் ஒன்று, "கேரியர்" என்றோ "பலவகைப் போக்குவரத்து நடத்துபவர்" என்றோ போட்டிருந்தால் வேறு. இவள் காகிதத்தில் இரண்டாவதுதான் இருந்தது. மேலே கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் பதிவு எண்ணும் அச்சடித்திருந்தது. அந்தப் பதிவு இருப்பதை விளம்பரத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறவர்கள், சரக்கு தொலைந்ததும் ஏஜென்ட் ஆகிவிடுகிறார்கள்.

அப்புறம், எங்கே தொலைந்தது? தூத்துக்குடியிலிருந்து போகும் இப்படிப்பட்ட சில்லறைச் சரக்கு பலசமயம் கொழும்பில் இறங்கி மாறும். கன்டெய்னரைத் திறந்து, சரக்கைப் பிரித்து, போகவேண்டிய ஊர்வாரியாக வேறு கன்டெய்னர்களில் ஏற்றுவார்கள். பேலட்டில் ஒட்டிய சீட்டு கிழிந்தாலோ தப்பாகப் படித்தாலோ கிள்ளான் சரக்கு வேறு எங்காவது போய் இறங்கிவிடும். கேட்டுப் பார்த்ததில் தூத்துக்குடியில் ஏற்றியதற்கான பட்டியல் இருந்தது. கிள்ளானில் இறக்கிய பட்டியலில் அந்தப் பேலட் இல்லை. நடுவில் கொழும்பில் எண்ணிய தாளைக் கேட்டோம், கடைசி வரை தரவில்லை. இவள் கணவர், "கொழும்புல தொலைஞ்சதுன்னு நாம எப்படி சார் நிரூபிக்கிறது?" என்று கவலைப்பட்டார். நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் ஒப்படைத்தோம், சேரவில்லை என்ற இரண்டையும் காட்டினால் நம் வேலை முடிந்தது. தங்கள் மேல் தவறோ கவனக்குறைவோ இல்லை என்று காட்ட வேண்டிய பாரம் கொண்டுபோனவர் தலையில்தான் இருக்கிறது.

இனி நான் கணக்கு வாத்தியாராக உட்கார்ந்த இடம்.

ஏஜென்சி முதலில் கொடுக்க முன்வந்தது சுமார் 33,000 ரூபாய். அதற்குக் காகிதத்தில் கணக்கும் போட்டிருந்தார்கள். சரக்கின் மதிப்பைத் தனியாக அறிவித்து பி.எல்.லில் எழுதவில்லை என்றால், கொண்டுபோகிறவரின் பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. அது ரூபாயில் இல்லை, எஸ்.டி.ஆர். என்ற அலகில். பன்னாட்டு நிதியம் வைத்திருக்கும் கணக்குப் பணம் அது. அந்தச் சமயத்தில் ஒரு எஸ்.டி.ஆர். சுமார் 110 ரூபாய். கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., சரக்கு 150 கிலோ, ஆக 300 எஸ்.டி.ஆர்., 33,000 ரூபாய். பெருக்கல் சரி, ஒரு தப்பும் இல்லை.

ஆனால் சட்டத்தின் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., அல்லது பொதி ஒன்றுக்கு 666.67 எஸ்.டி.ஆர்., இதில் எது அதிகமோ அது. இதுதான் முழு வாக்கியம். ஒரு பொதிக்கே 73,000 ரூபாய்க்கு மேல் வந்துவிடுகிறது. சேலை மாதிரி எடை குறைந்து விலை கூடிய சரக்குக்கு எப்போதும் பொதிக் கணக்குதான் நமக்கு நல்லது. இரும்புக்கும் கிரானைட்டுக்கும் கிலோக் கணக்கு.

இதைச் சொன்னதும் அடுத்த பதில் வந்தது. "சரி, ஆனால் பொதி ஒன்றுதானே, ஒரு பேலட்." அதாவது 73,000 ரூபாய். இங்கேதான் பி.எல்.லில் இருந்த ஒரு வரி அவளைக் காப்பாற்றியது. பொதிகளின் எண்ணிக்கை போடும் கட்டத்தில் "ஒரு பேலட், உள்ளே 6 அட்டைப்பெட்டிகள்" என்று அடித்திருந்தது. பேலட்டுக்குள்ளோ கன்டெய்னருக்குள்ளோ எத்தனை பொதி என்று காகிதத்தில் பிரித்து எழுதியிருந்தால் அத்தனையும் தனித்தனிப் பொதிகள் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆறு பொதிக்கு 4,000 எஸ்.டி.ஆர்., சுமார் 4,40,000 ரூபாய். அவள் கேட்பதெல்லாம் அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. வெறும் "ஒரு பேலட்" என்று மட்டும் இருந்திருந்தால் ஒரே பொதிதான், அவ்வளவுதான். யாரோ ஒரு டைப் அடிக்கிற பையன் சோம்பல்படாமல் அடித்த அந்த ஒரு சொல்லுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் விலை.

ஆகையால் பி.எல். வரைவு வரும்போது, பெயர் எழுத்து சரியா என்று பார்ப்பதோடு விடாமல் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். வரைவு நிலையில் மாற்றச் சொன்னால் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவார்கள்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை வந்தது. அவள் சொன்னாள், சேலை ஒன்று 900 ரூபாய், 270 சேலைக்கு 2,43,000 என்று. தறிக்காரர்களுக்கு அவள் கொடுக்க வேண்டிய கடனும் ஏறக்குறைய அதை ஒட்டித்தான் இருந்தது. இன்வாய்ஸை எடுத்துப் பார்த்தேன். அதில் சேலை ஒன்று 600 ரூபாய், மொத்தம் 1,62,000.

"என்னம்மா இது?"

தலையைக் குனிந்துகொண்டாள். கணவர்தான் சொன்னார். அங்கே வரி குறையும் என்று கடைக்காரர் குறைத்துப் போடச் சொன்னாராம். எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்களாம். மீதியைத் தனியாகத் தருவதாகப் பேச்சு.

"சார், 900-னு புதுசா ஒரு பில் போட்டு வச்சிடலாமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. சுங்கத்தில் 600 என்று கையெழுத்துப் போட்ட காகிதம் அரசாங்கத்திடம் இருக்கிறது. இப்போது 900 என்று எழுதினால், இரண்டில் எது பொய் என்று ஏஜென்சியின் வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேட்பார். ஈடும் கிடைக்காது, சுங்கத் துறையில் வேறு வழக்கு வரும். அதையெல்லாம் விடுங்கள், பொய்க் கணக்கை எழுதிக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. "600-க்குத்தான் எழுதுவேன். சரின்னா உட்காருங்க, இல்லன்னா வேற ஆளப் பாருங்க" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் வீட்டம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகு அவள்தான் சொன்னாள், "600-க்கே எழுதுங்க சார்."

அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்து எழுதுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. 81,000 ரூபாய். தறிக்காரர் குடும்பத்துக்கு அது எத்தனை மாதக் கூலி என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும்.

அடுத்தது கப்பல் கூலி. 18,400 ரூபாயையும் திருப்பிக் கேட்டோம். ஏஜென்சி, பி.எல்.லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த ஒரு விதியைக் காட்டியது. சரக்கு சேர்ந்தாலும் தொலைந்தாலும் கூலி கூலிதான், திரும்பாது என்று. அப்படி ஒரு விதி பெரும்பாலான பி.எல்.களில் இருக்கிறது, அதோடு மோதுவது வீண். வேறு வழியாகப் போனோம். தொலைந்த சரக்கின் மதிப்பை எந்த ஊர் விலையில் போடுவது என்பதற்கும் அந்தச் சட்டத்திலேயே விடை இருக்கிறது. போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய இடத்தில், சேர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் உள்ள மதிப்பு. அருப்புக்கோட்டையில் 600 ரூபாய் சேலை கிள்ளானில் போய் இறங்கும்போது 600 ரூபாய் இல்லை, கொண்டுபோன செலவும் அதில் ஏறியிருக்கிறது. ஆகவே "கூலியைத் திருப்பித் தா" என்று எழுதவில்லை. "கிள்ளானில் என் சரக்கின் மதிப்பு 1,62,000-உம் 18,400-உம் சேர்ந்து 1,80,400 ரூபாய்" என்று எழுதினோம். அதே சமயம், கிள்ளான் கடை விலையையும் போட்டு அதன்மேல் கூலியையும் சேர்த்துக் கேட்கக்கூடாது. கடை விலையில் கூலி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஒரே பணத்தை இரண்டு முறை கேட்டால் மற்ற கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

தீபாவளி வியாபாரம் போன நஷ்டம், மனவேதனை இதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று அவள் தம்பி சொன்னான். நான் சேர்க்கவில்லை. உச்சவரம்பு உள்ள இடத்தில் அதற்கு இடம் குறைவு, கடிதத்தின் கனமும் குறைந்துபோகும்.

கடிதம் ஆங்கிலத்தில் ஒரே பக்கம். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"உங்கள் பி.எல். எண் இன்னதின்படி 21.08.2023 அன்று 6 அட்டைப்பெட்டிகள், 150 கிலோ, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டீர்கள். 15.09.2023-க்குள் கிள்ளானில் ஒப்படைப்பதாக இன்ன தேதி இமெயிலில் எழுதினீர்கள். இன்றுவரை ஒப்படைக்கவில்லை. 90 நாள் கடந்துவிட்டதால் சரக்கு தொலைந்ததாகக் கொள்கிறேன். ஒப்படைத்திருக்க வேண்டிய இடத்தில் அதன் மதிப்பு 1,80,400 ரூபாய். கணக்கும் ஆதாரமும் இணைப்பில். இந்தத் தொகையை 30 நாளுக்குள் தரவும். பி.எல். அசல் மூன்றும் என்னிடம் உள்ளன, பணம் பெற்றதும் ஒப்படைப்பேன். உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்து அதன் எண்ணைத் தரவும்."

அவ்வளவுதான். ஒரு திட்டு கிடையாது, ஒரு "தயவுகூர்ந்து" கிடையாது. கடைசி வரியை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். இந்தத் தொழிலில் பதிவு செய்தவர்கள் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருப்பார்கள். கோரிக்கை என்று எழுத்தில் வந்தால்தான் அவர்களும் தங்கள் இன்சூரன்ஸிடம் போக முடியும். வாட்ஸ்ஆப் சாபத்தை வைத்துக்கொண்டு எந்த இன்சூரன்ஸ்காரரும் பணம் தர மாட்டார். பதிவுத் தபாலில் ஒப்புகையோடு ஒன்று, இமெயிலில் ஒன்று அனுப்பினோம். ஒரு நகலை அவள் வங்கிக்கும் கொடுத்தோம். ஏற்றுமதிப் பணம் ஏன் வரவில்லை என்று வங்கி கேட்கும், அதற்குப் பதில் வேண்டுமே.

பதில்கள் நான் மேலே சொன்ன வரிசையில்தான் வந்தன. முதலில் ஏஜென்ட் மட்டும்தான் என்றார்கள், பிறகு 33,000, பிறகு 73,000. ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் பதில் எழுதினோம். 2024 ஏப்ரலில் 1,70,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். மீதி 10,400-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா என்று கேட்டாள். ஜூன் 15 வட்டம் காலண்டரில் தெரிந்தது. வழக்கென்று போனால் சிவில் கோர்ட், கோர்ட் கட்டணம், வருடங்கள். வாங்கிக்கொள்ளச் சொன்னேன். "இதற்குமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்து வாங்குவார்கள், வாங்கினார்கள். பணம் கணக்கில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடச் சொன்னேன்.

வருடங்கள் என்று சும்மா சொல்லவில்லை. 1992-ல் யுனிவர்சல் எக்ஸ்போர்ட்ஸ் என்ற ஆடை ஏற்றுமதிக் கம்பெனி அமிர்தசரஸிலிருந்து ஸ்பெயினுக்கு விமானத்தில் மூன்று தவணையாகச் சரக்கு அனுப்பியது. பெறுபவர் என்று காகிதத்தில் போட்டிருந்தது மாட்ரிட்டில் உள்ள பார்க்லேஸ் வங்கி. வாங்கும் கடைக்காரர் வங்கியில் பணம் கட்டிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சரக்கோ வங்கியின் அனுமதி இல்லாமலேயே கடைக்காரர் கைக்குப் போய்விட்டது. பணம் வரவில்லை. அவர்கள் டிரான்ஸ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனி மேல் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். ஆணையம் 71,615 டாலர் சொச்சமும் வட்டியும் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2011 செப்டம்பரில். ஜெயித்தார்கள், ஆனால் பத்தொன்பது வருடம். அந்தக் கம்பெனிக்குத் தாங்க முடிந்திருக்கலாம். நம் தறிக்காரர் வீட்டுக்குத் தாங்குமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போன காலத்தில் வியாபாரத்துக்காக வாங்கிய சேவைக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. 2003 மார்ச் முதல் வியாபாரச் சேவையை விலக்கிவிட்டார்கள். ஆகவே ஏற்றுமதி பண்ணுகிறவர்கள் அந்தக் கதவை நம்பி உட்கார வேண்டாம். ஆனால் துபாய்ப் பையன் மாதிரி சொந்தச் சாமான் அனுப்புகிறவர்கள், பிள்ளைகளுக்குப் பாத்திரமும் புத்தகமும் துணியும் அனுப்புகிற நம் உறவுக்காரர்கள், தாராளமாகப் போகலாம். அனுப்பக் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் நான் அந்த ஒன்பது மாதத்தையே கெடுவாக வைத்துக்கொள்ளச் சொல்வேன். 1915 என்ற எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். விமானத்தில் போகும் பெட்டிக்கு விதிகள் வேறு. அங்கே பொதிக் கணக்கு கிடையாது, கிலோக் கணக்கு மட்டும்தான். பட்டுச்சேலையை விமானத்தில் அனுப்புகிறவர்கள் மதிப்பை முன்கூட்டியே அறிவித்து, அதற்குக் கூடுதலாகக் கேட்பதைக் கட்டிவிடுவது நல்லது. தொலைந்த பிறகு அறிவிக்க முடியாது.

இந்த ஏஜென்சிக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. சரக்கு தொலைவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். பி.எல்.லில் கையெழுத்துப் போட்டவர், கொழும்புத் தாளைக் கேட்டு வாங்கி, "தொலைந்துவிட்டது அம்மா" என்று அக்டோபரிலேயே சொல்லியிருந்தால், அவள் வேறு 270 சேலையைக் கடன்பட்டாவது விமானத்தில் அனுப்பித் தீபாவளியைப் பிடித்திருப்பாள். அந்தக் கடைக்காரரும் கைவிட்டுப் போயிருக்க மாட்டார். "அடுத்த வாரம்" என்ற சொல்தான் அவளைக் கெடுத்தது. நம் ஆட்கள் மேலும் அதே அளவு வருத்தம் உண்டு. வரிக்காகக் குறைத்துப் போட்ட இன்வாய்ஸ், சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தால் சாமர்த்தியம் மாதிரித் தெரிகிறது.

இன்சூரன்ஸ் அன்று எவ்வளவு கேட்டார்கள் தெரியுமா? 1,100 ரூபாய். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது கிள்ளானில் வேறொரு கடை பிடித்திருக்கிறாள். போன ஆடி மாதம் நாலு பெட்டி போனது. பி.எல். வரைவு வந்ததும் எனக்கு அனுப்பினாள். "4 அட்டைப்பெட்டிகள்" என்று இருந்தது, சேலை விலை 950 என்று இருந்தது. இன்சூரன்ஸ் ரசீதையும் கூடவே அனுப்பியிருந்தாள். பதினெட்டாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

துபாய்த் தம்பி, உன் காகிதங்களையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பு. கையெழுத்துப் போட்ட இடம் தெளிவாகத் தெரியட்டும்.